ஜாதகக் கட்டத்தின் புகைப்படத்தைப் படிப்பது எப்படி? இளையவர்களுக்குச் சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

பீரோவிலிருந்த ஜாதக நோட்டைப் போனில் படமெடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு பதின்ம வயதுப் பிள்ளை கேட்டால், பெரியவர்கள் பலர் நேராகப் பலனுக்குப் போய்விடுகிறார்கள். "உனக்கு ஏழில் கேது" என்பார்கள். அந்த ஏழு எங்கிருந்து வந்தது, கேது எந்த எழுத்து, கட்டத்தில் ஏன் எண்களே இல்லை என்று பிள்ளைக்கு எதுவும் விளங்காது. அடுத்த கேள்வி வராது. இல்லாவிட்டால் பயம் வரும்.

இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் கட்டத்தை ஒரு நாளின் வானப் படமாகப் படிக்க வேண்டும். பிறகு அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வீடுகளை எண்ணுவது அதற்கும் பிறகுதான். முதல் இரண்டையும் நாள்காட்டியையும் கடிகாரத்தையும் வைத்தே சரிபார்த்துவிடலாம்; ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்ற விவாதம் அதற்குத் தேவைப்படாது.

## முன்பே கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் ஜாதகத்திலிருந்து எடுக்காமல் வேறோர் ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் நேரம் இல்லாவிட்டால் மருத்துவமனைச் சீட்டில் இருக்கலாம். ஜாதகத்தை அதில் எழுதியிருப்பதைக் கொண்டே சோதித்தால் பிழை பிடிபடாது. இவற்றோடு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் வேண்டும். படத்தின் மேலேயே விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினால் பாதியில் திரை நகர்ந்துவிடும்.

படம் கட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. மேலும் கீழும் உள்ள எழுத்துகளும் அதில் விழ வேண்டும். பலரும் கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். சோதனைக்கு உதவும் வரிகள் அப்போது போய்விடுகின்றன.

## 1. படத்தை நிமிர்த்துங்கள்

தென்னிந்தியக் கட்டம் சதுரமானது. ஓரமாகப் பன்னிரண்டு கட்டங்கள் சுற்றி நிற்க, நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், போன் பக்கவாட்டில் சாய்ந்து எடுத்த படத்தை அப்படியே படித்துவிடுபவர்கள் உண்டு. மீனம் இருக்க வேண்டிய மூலைக்கு மிதுனம் வந்துவிட்டால் அதன் பிறகு சொல்வதெல்லாம் தவறு. நடுவில் எழுதியிருக்கும் "ராசி" என்ற சொல் நேராகத் தெரியும்படி படத்தைத் திருப்புங்கள்.

சதுரத்துக்குள் குறுக்குக் கோடுகள் ஓடி, வைர வடிவங்களும் முக்கோணங்களுமாக இருந்தால் அது வடஇந்திய முறை. அதில் வீடுகள் நிலையாக நிற்கும், ராசிகள் இடம் மாறும், உள்ளே இருக்கும் எண்கள் ராசிகளைக் குறிக்கும். இந்த வழிகாட்டியின் வரிசை அதற்குப் பொருந்தாது.

## 2. இரண்டில் எது ராசிக் கட்டம்?

பெரும்பாலான ஜாதகங்களில் இரண்டு கட்டங்கள் அருகருகே இருக்கும். ஒன்றின் நடுவில் "ராசி" என்றும், மற்றதில் "நவாம்சம்" அல்லது "அம்சம்" என்றும் எழுதியிருக்கும். முதலில் ராசிக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கையால் மறைத்துவிடுங்கள். வானத்தை நேராகக் காட்டுவது ராசிக் கட்டம்தான். அம்சம் அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த இரண்டாவது அட்டவணை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளை, ஒரே சனி எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும் என்று குழம்புகிறது. அதில் நியாயம் இருக்கிறது.

## 3. பன்னிரண்டு கட்டங்களுக்கும் பெயர் எழுதுங்கள்

கட்டங்களில் ராசிப் பெயர் பெரும்பாலும் எழுதியிருக்காது. எல்லோருக்கும் எந்நாளும் ஒரே இடம் என்பதால் எழுதுவதில்லை. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையிலேயே போக வேண்டும்.

வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, பிள்ளையையே பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பழக்கத்துக்கு வீட்டு ஜாதகத்தை எடுக்காமல், பத்திரிகைகளில் அடிக்கடி அச்சாகும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12 மணி, டெல்லி. சுதந்திர இந்தியாவின் ஜாதகம் என்று சொல்லப்படுவது இதுதான். யாருடைய திருமணத்தைப் பற்றியும் கவலைப்படாமல் இதை அலசலாம்.

| | | | |
|---|---|---|---|
| மீனம் | மேஷம் | ரிஷபம்: ல, ரா | மிதுனம்: செவ் |
| கும்பம் | | | கடகம்: சூ, சந், பு, சுக், சனி |
| மகரம் | | ராசி | சிம்மம் |
| தனுசு | விருச்சிகம்: கே | துலாம்: கு | கன்னி |

இங்கே வரும் வழக்கமான தவறு கீழ் வரிசையில். கன்னி வரை சரியாக வந்துவிட்டு, கீழ் வரிசையைப் புத்தகம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாகத் தொடர்ந்துவிடுவார்கள். கீழ் வரிசை வலமிருந்து இடமாகப் போகிறது: கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு. பிறகு இடப்பக்கம் மேலே ஏறி மகரம், கும்பம், மீனம்.

## 4. எழுத்துகளைப் பிரித்தறியுங்கள்

சூ சூரியன், சந் சந்திரன், செவ் செவ்வாய், பு அல்லது புத புதன், கு குரு, சுக் சுக்கிரன், சனி முழுதாகவே எழுதப்படும், ரா ராகு, கே கேது. ல அல்லது லக் என்பது லக்னம். அது கிரகம் அல்ல, ஒரு புள்ளி. சிலர் எழுத்து போடாமல் அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு சாய்கோடு மட்டும் இழுத்திருப்பார்கள். படத்தில் அது காகித மடிப்புபோலத் தெரியும். லக்னத்தைக் காணவில்லை என்றால் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

மூன்று இடங்களில் கண் ஏமாறும். முதலாவது, சூ, சு. சுக்கிரனுக்கு "சு" என்று ஒற்றை எழுத்து போட்டிருந்தால், குறிலையும் நெடிலையும் பிரிப்பது ஒரு சிறிய சுழிதான். மை பரவிய பழைய நோட்டில், அதுவும் நிழல் விழுந்த படத்தில், அந்தச் சுழி தெரியாது. சுக்கிரன் எப்போதும் சூரியனுக்கு அருகிலேயே இருப்பதால் இடத்தை வைத்தும் உடனே கண்டுபிடிக்க முடியாது. இதற்குத் தீர்வு அடுத்த படியில் இருக்கிறது.

இரண்டாவது, பழைய ஜாதகங்களின் வடமொழிப் பெயர்கள். "ரவி" சூரியன், "குஜ" செவ்வாய். "கு" என்று இரண்டு கட்டங்களில் இருந்து, செவ்வாய் எங்கும் இல்லை என்றால், அந்த இரண்டில் ஒன்று குஜன். "ர" என்று தனியாக இருப்பது ராகுவா ரவியா என்பதும் இப்படித்தான் தெளியும்: ஒன்பது பேரையும் ஒரு பட்டியலாக எழுதி ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வாருங்கள். எஞ்சி நிற்பவர் யாரென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, மா. தமிழ் ஜாதகத்தில் "மா" என்றால் மாந்தி. கணக்கில் எடுக்கும் ஒரு உபகோள், வானத்தில் தெரியும் கிரகம் அல்ல. கணினியில் ஆங்கிலத்தில் அச்சான ஜாதகத்திலோ எம், ஏ என்ற இரண்டெழுத்து செவ்வாயைக் குறிக்கும். தமிழ்ப் பழக்கத்தில் அதை மாந்தி என்று படித்துவிட்டுச் செவ்வாயைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்துக்குப் பக்கத்தில் "வ" என்று இருந்தால் வக்கிரம். பூமியிலிருந்து பார்க்கும்போது அந்தக் கிரகம் அப்போது பின்னோக்கி நகர்வதுபோலத் தெரிந்தது என்று பொருள். பிள்ளையிடம் அவ்வளவு சொன்னால் போதும்.

## 5. சூரியனைப் பிடித்துக்கொண்டு சோதியுங்கள்

நான் பார்த்தவரை யாரும் செய்யாத படி இதுதான். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பதும் இதுதான்.

சூரியன் மேஷத்தில் நுழையும்போது சித்திரை பிறக்கிறது. ரிஷபத்தில் வைகாசி, மிதுனத்தில் ஆனி, கடகத்தில் ஆடி என்று பங்குனி மீனம் வரை ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம். ஆகவே சூரியன் இருக்கும் கட்டமே பிறந்த தமிழ் மாதம். நம் உதாரணத்தில் சூரியன் கடகத்தில். ஆகஸ்ட் 15 ஆடிக் கடைசி. பொருந்துகிறது. சூ, சு குழப்பம் தீர்வதும் இங்கேதான்: பிறந்த மாதத்துக்குரிய கட்டத்தில் இருப்பவர் சூரியன், மற்றவர் சுக்கிரன். இருவரும் ஒரே கட்டத்தில் இருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

அடுத்து அண்டை வீடுகள். பூமியிலிருந்து பார்க்கையில் புதன் சூரியனைவிட்டு சுமார் 28 பாகைக்கு மேல் விலகாது. ஒரு கட்டம் 30 பாகை. எனவே புதன் சூரியனோடு அதே கட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது ஒட்டிய கட்டத்தில். சுக்கிரன் சுமார் 47 பாகை வரை போகும். இரண்டு கட்டம் தள்ளியும் இருக்கலாம், மூன்று ஆகாது. ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிர். உதாரணத்தில் ராகு ரிஷபம், கேது விருச்சிகம்.

இவற்றில் ஒன்று தவறினாலும் எழுத்தை நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுதியவர் தவறாகப் பெயர்த்தெழுதியிருக்கிறார், அல்லது கையால் மறைக்க வேண்டிய அம்சக் கட்டத்தை எடுத்திருக்கிறீர்கள்.

பிறகு சந்திரன். சூரியன் இருக்கும் கட்டத்திலேயே சந்திரனும் இருந்தால் அமாவாசையை ஒட்டிய நாள். அந்தக் கட்டத்தையும் சேர்த்து எண்ணி ஏழாவது கட்டத்தில் இருந்தால் பௌர்ணமியை ஒட்டிய நாள். இடையில், சூரியனிலிருந்து முன்னோக்கி எண்ணி ஏழுக்குள் இருந்தால் வளர்பிறை, அதைத் தாண்டினால் தேய்பிறை. உதாரணத்தில் இருவரும் கடகத்தில். 1947 ஆகஸ்ட் 16 அமாவாசை. சரியாக இருக்கிறது.

இந்த இடத்தில் கேள்வி ஒன்று கட்டாயம் வரும்: "ஆகஸ்ட் 15-இல் பிறந்தால் லியோ, அதாவது சிம்மம் என்றுதானே ஆங்கிலப் பத்திரிகையில் போடுகிறார்கள்? இங்கே சூரியன் கடகத்தில் இருக்கிறதே?" மேற்கத்திய முறை வசந்த சம இரவு நாளிலிருந்து ராசி வட்டத்தை அளக்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது. இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை இடைவெளி. அதன் பெயர் அயனாம்சம். அத்துடன், அவர்கள் சொல்லும் ராசி சூரியன் நின்ற ராசி. நம் வீடுகளில் "என் ராசி" என்று சொல்வது சந்திரன் நின்ற ராசி.

## 6. லக்னத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்

பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதித்துக்கொண்டிருந்த ராசியே லக்னம். ஒரு நாளில் பன்னிரண்டு ராசிகளும் உதித்துவிடுவதால், ஒன்றுக்குச் சராசரி 2 மணி நேரம். சூரியன் உதிக்கும் நேரத்தில் சூரியன் இருக்கும் ராசிதான் லக்னமாக இருக்க முடியும். இந்த ஒரு செய்தி போதும், மற்றதை எண்ணிவிடலாம்.

உதாரணத்தில் சூரியன் கடகத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அதனால் விடிந்து சிறிது நேரத்திலேயே கடகம் முடிந்து சிம்மம் உதிக்கத் தொடங்கும். காலை 6 முதல் 8 சிம்மம், 10 வரை கன்னி, நண்பகல் வரை துலாம், 2 வரை விருச்சிகம், 4 வரை தனுசு, மாலை 6 வரை மகரம், 8 வரை கும்பம், 10 வரை மீனம், நள்ளிரவு வரை மேஷம், அதன் பிறகு ரிஷபம். கட்டத்திலும் ல என்ற எழுத்து ரிஷபத்தில்தான் இருக்கிறது.

இது தோராயம். சில ராசிகள் 2 மணிக்குக் குறைவாகவும் சில கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளும். மாத ஆரம்பமா முடிவா என்பதும் கணக்கை நகர்த்தும். ஒரு கட்டம் முன்பின் வந்தால் விட்டுவிடலாம். ஆனால் லக்னம் நீங்கள் எதிர்பார்த்த கட்டத்துக்கு நேரெதிரில் நின்றால், கணினியில் ஜாதகம் கணித்தவர் முற்பகலையும் பிற்பகலையும் மாற்றிப் போட்டிருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். 12 மணி நேரம் தவறினால் லக்னம் ஏறக்குறைய ஆறு ராசி தள்ளிப்போய் எதிர்க்கட்டத்தில் விழும். மற்ற கிரகங்கள் அநேகமாக அதே இடத்தில் இருப்பதால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் நோட்டில் கிடக்கும்.

## 7. இப்போது வீடுகளை எண்ணுங்கள்

லக்னம் இருக்கும் கட்டம் ஒன்றாம் வீடு. அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அடுத்த கட்டத்திலிருந்து ஒன்று என்று தொடங்குவதும், பழக்கத்தில் மேஷத்தை ஒன்று என்று எடுத்துக்கொள்வதும்தான் இங்கே பொதுவாக நடக்கும் தவறுகள். பென்சிலால் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எண்ணை எழுதச் சொல்லுங்கள்; இனிமேல் யாரும் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

உதாரணத்தில் ரிஷபம் 1, மிதுனம் 2, கடகம் 3. ஆக செவ்வாய் இரண்டில், ஐந்து கிரகங்கள் மூன்றில், குரு ஆறில், கேது ஏழில். ஆரம்பத்தில் சொன்ன "ஏழில் கேது" எப்படிக் கிடைக்கிறது என்று பிள்ளைக்கு இப்போது தானாகவே தெரியும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஜோதிடர் எதைத் தேடுவார் என்பதை ஒரு சொல்லில் மட்டும் சொல்லுங்கள்: 1 உடல், 2 குடும்பமும் வாக்கும், 3 உடன்பிறப்பும் துணிவும், 4 தாயும் வீடும், 5 பிள்ளைகள், 6 நோயும் கடனும், 7 துணை, 8 ஆயுள், 9 தந்தையும் பாக்கியமும், 10 தொழில், 11 லாபம், 12 செலவு. "தேடுவார்" என்ற சொல்லை விடாதீர்கள். "எட்டில் சனி இருப்பதால் இப்படி நடக்கும்" என்பது வேறு வாக்கியம். அதற்குக் கிரகம் ஆட்சியா நீசமா, பார்வை என்ன, தசை என்ன என்று ஜோதிடர்களே அடுக்கடுக்காக நிபந்தனை வைப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு கட்டத்தை மட்டும் பிடித்துப் பலன் சொல்வது ஜோதிடக் கணக்குப்படியே அரைகுறை.

"என் பத்தாம் வீடு காலியாக இருக்கிறது, வேலை கிடைக்காதா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. பன்னிரண்டு கட்டத்துக்கு ஒன்பது கிரகங்கள்தான். யார் ஜாதகத்திலும் குறைந்தது மூன்று கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். உதாரணத்தில் ஏழு காலி. பத்தாம் வீடான கும்பமும் அதில் ஒன்று. அப்போது அந்த ராசியின் அதிபதி எங்கே இருக்கிறார் என்று பார்ப்பார்கள்: கும்பத்துக்கு அதிபதி சனி, அவர் மூன்றாம் வீட்டில்.

## 8. கட்டத்துக்குக் கீழே உள்ள வரிகள்

கையெழுத்து ஜாதகத்தில் ௵, ௴, ௳ என்ற குறிகளைக் கண்டு பிள்ளைகள் திகைப்பார்கள். முறையே வருடம், மாதம், தேதி. "உதயாதி நாழிகை" என்பது சூரிய உதயத்திலிருந்து பிறப்பு வரை சென்ற நேரம். ஒரு நாழிகை 24 நிமிடம். உதாரணத்துக்கு டெல்லியின் உதயம் காலை 5.50 என்று வைத்தால், நள்ளிரவு வரை 18 மணி 10 நிமிடம். சுமார் 45 நாழிகை.

கிழமையில் ஒரு பொறி உண்டு. 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. ஆனால் மரபில் நாள் விடியலில்தான் மாறும், நள்ளிரவில் அல்ல. அந்த நேரத்துக்கு ஜாதகம் எழுதுபவர் "வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி" என்றே எழுதுவார். பிறப்புச் சான்றிதழோடு கிழமை பொருந்தவில்லை என்று தோன்றினால், பிறப்பு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலா என்று பாருங்கள்.

"தசை இருப்பு" என்பது பிறந்தபோது நடந்துகொண்டிருந்த கிரகத்தின் தசைக் காலத்தில் இன்னும் மீதமிருந்த ஆண்டுகள். அது சந்திரன் நின்ற நட்சத்திரத்திலிருந்து வருகிறது. உதாரணத்தில் பூசம் முதல் பாதம், அதாவது நட்சத்திரத்தின் முதல் கால் பங்கு. பூசத்துக்குரியது சனி தசை, முழு அளவு 19 ஆண்டுகள். நட்சத்திரம் தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்ததால் இருப்பு சுமார் 18 ஆண்டுகள். முதல் பாதம் என்று எழுதிவிட்டு இருப்பு 3 ஆண்டுகள் என்றிருந்தால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது.

## 9. அம்சக் கட்டத்தைக் கடைசியில் திறந்து காட்டுங்கள்

ஒரு ராசியின் 30 பாகையை ஒன்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு 3 பாகை 20 கலை. கிரகம் எந்தப் பங்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அம்சத்தில் அதற்கு வேறொரு ராசி தரப்படும். அதனால் கடகத்தில் கூட்டமாக இருந்த ஐவரும் அம்சத்தில் பிரிந்துவிடுகிறார்கள்: சூரியன் மீனம், சந்திரன் சிம்மம், சுக்கிரன் மகரம். சூரியன் மீனத்துக்குப் போனதால் பங்குனியில் பிறந்தவர் ஆகிவிடுவதில்லை. ஐந்தாம் படியில் செய்த மாதச் சோதனையும் புதன் சோதனையும் இங்கே செல்லாது. ராகு, கேது மட்டும் இங்கேயும் நேரெதிரிலேயே நிற்பார்கள்.

## 10. ஒரே ஆளுக்கு இரண்டு ஜாதகம், இரண்டும் வேறு

பிறந்தபோது எழுதிய நோட்டையும் பின்னர் எடுத்த கணினி அச்சையும் ஒப்பிட்டால் ஏதாவது ஒரு கிரகம் பக்கத்துக் கட்டத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு கணித முறைகள் வழக்கில் உள்ளன. ஒரு ராசியின் முடிவில் நிற்கும் கிரகத்தை ஒன்று அதே ராசியிலும் மற்றது அடுத்த ராசியிலும் காட்டக்கூடும். நோட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பஞ்சாங்கம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கணினி அச்சில் அயனாம்சத்தின் பெயர் இருக்கும்.

வேறுபாடு ஒரு கட்டம் என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சூரியனோ குருவோ இரண்டு மூன்று கட்டம் தள்ளி நின்றால் பஞ்சாங்கத்தின் மேல் பழி போட முடியாது. தேதியோ வருடமோ தவறாக இடப்பட்டிருக்கிறது. சான்றிதழை எடுத்துக்கொண்டு ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.